80 வயது தாத்தாவுக்கு ஸ்பானிஷில் ஏழு வரி

என் மனைவி கொலம்பியாக்காரர். போயாகா மாநிலத்தில், துன்ஹா நகருக்குத் தெற்கே வென்டாகெமாடா பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவுக்கு ஸ்பானிஷ் தவிர வேறொரு மொழியும் தெரியாது. வாழ்நாள் முழுக்க உருளைக்கிழங்கு விவசாயம் செய்தவர். நாங்கள் டொரண்டோவில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9 வயது. எங்கள் கொங்குப் பக்கத்தில் அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்போம். பிள்ளைகள் அவரை அபுவெலித்தோ என்கிறார்கள். அபுவெலோ என்றால் தாத்தா. அதைச் செல்லமாக்கினால் அபுவெலித்தோ.

அவருக்கு ஆகஸ்ட் 7-ம் தேதி 80 வயது நிறைந்தது. மனைவி இரண்டு வாரம் முன்பே கிளம்பிப் போய்விட்டார். பிள்ளைகளை அழைத்துப் போக முடியவில்லை. "அவர்களே ஸ்பானிஷில் ஒரு வாழ்த்து எழுதட்டும். அப்பா அதைக் கையில் வைத்துப் படிக்க வேண்டும். நான் பார்க்க மாட்டேன், எனக்கும் அது புதிதாக இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். துன்ஹாவில் பள்ளி ஆசிரியராக இருக்கும் அவருடைய அக்காதான் அதைத் தாளில் அச்செடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ், கடையில் சாமான் வாங்கவும் மாமனாரிடம் நலம் விசாரிக்கவும் போதும், அவ்வளவுதான். மகள் பள்ளியில் ஒரு வருடம் ஸ்பானிஷ் படித்திருக்கிறாள். அம்மா பேசினால் புரியும், பதில் பாதி ஆங்கிலத்தில் வரும். மகனுக்கு இன்னும் குறைவு. எனவே மகள்தான் முதலில் எழுதினாள். அரை மணி நேரத்தில் கொண்டு வந்து காட்டியது இது:

```
Querido abuelo,
Feliz cumpleanos! Tienes 80 anos.
Estamos muy excitados.
Que todos tus sueños se hagan realidad.
Mi papa te manda un abrazo.
```

எனக்கு நன்றாகவே பட்டது. அப்படியே பெரியம்மாவுக்கு அனுப்பினோம். பிள்ளைகள் அவரைத் தீயா என்பார்கள், அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான். அன்று இரவே அவர் கூப்பிட்டார். எழுத்துப் பிழை பற்றி எதுவும் சொல்லவில்லை. மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க அம்மா வீட்டில் அபுவெலித்தோவை எப்படிக் கூப்பிட்டுப் பேசுவாள்? ஞாபகப்படுத்திப் பார்."

மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சுமெர்ஸே" என்றாள்.

"அப்புறம் நீ ஏன் தூ என்று எழுதியிருக்கிறாய்?"

ஸ்பானிஷில் ஒருவரைப் பார்த்து 'நீ' என்று சொல்ல தூ, 'நீங்கள்' என்று சொல்ல உஸ்தெத். இது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் எந்த வீட்டில் எது என்பது இடத்துக்கு இடம் மாறும். பல குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் தாத்தாவைத் தூ என்றுதான் சொல்கிறார்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மகள் படித்த வகுப்பிலும் தூவுக்குத்தான் முதலிடம். கடைகளில் விற்கும் வாழ்த்து அட்டைகளிலும், இணையத்தில் கிடைக்கும் தயார் வாழ்த்துகளிலும் பெரும்பாலும் தூதான் இருக்கும். போயாகா அப்படியில்லை. அங்கே வீட்டுக்குள்ளேயே உஸ்தெத் சகஜம். அதையும் தாண்டி அன்பும் மரியாதையும் சேர்ந்த சொல்லாக சுமெர்ஸே இருக்கிறது. 'சு மெர்செத்', அதாவது 'தங்கள் கருணை' என்று பெரிய மனிதர்களை விளித்த பழைய வழக்கு குறுகி வந்த சொல் அது. உஸ்தெத்தும் அதே குடும்பத்துச் சொல்தான், 'வுயெஸ்த்ரா மெர்செத்' என்பதிலிருந்து வந்தது. போயாகாவிலும் அதை ஒட்டிய குந்தினமார்காவிலும் சுமெர்ஸே இன்றும் சந்தையிலும் வீட்டிலும் புழங்குகிறது.

இந்த விஷயம் எனக்கு உடனே புரிந்ததற்குக் காரணம் நான் பிறந்த ஊர். கோயம்புத்தூர்ப் பக்கம் சின்னக் குழந்தையைக்கூட "வாங்க சாமி, சாப்பிடுங்க" என்போம். அந்த 'ங்க' வெறும் மரியாதை இல்லை, பாசமும் அதில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அப்புச்சியிடம் 'நீ' என்று எழுதினால், அவர் கோபப்பட மாட்டார். ஆனால் அந்தக் கடிதம் வீட்டுப் பிள்ளை எழுதியது போல இருக்காது. பெரியம்மா சொன்னதும் அதேதான். "அப்பா ஒன்றும் நினைக்க மாட்டார். ஆனால் டிவியில் யாரோ பேசுவது போலத் தோன்றும்" என்றார்.

வேறு நாட்டில் வளரும் பிள்ளைகளை வைத்து ஸ்பானிஷ் வாழ்த்து எழுதுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 'பிறந்தநாள் வாழ்த்து' என்பதற்கு ஸ்பானிஷில் என்ன என்று தேடுவதற்கு முன்னால், அந்தத் தாத்தாவை அவருடைய பிள்ளைகள் தூ என்கிறார்களா, உஸ்தெத் என்கிறார்களா, வேறு ஏதாவது சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவாக இருந்தால் தூ என்பதே இருக்காது, அங்கே 'வோஸ்', அதற்கு வினைச்சொல்லும் வேறு. யாரிடமும் கேட்க வழியில்லை என்றால் தாத்தா வீட்டோடு பேசிய பழைய வீடியோ ஒன்றைப் போட்டு, அம்மா அவரிடம் பேசும் இரண்டு வாக்கியத்தைக் கேட்டால் போதும்.

சரி, தூவை சுமெர்ஸே ஆக்கிவிடலாம் என்று மகள் ஒரு சொல்லை மட்டும் மாற்றினாள். அது போதாது. தமிழில் 'நீ வந்தாய்' என்பதில் 'நீ'யை மட்டும் 'நீங்கள்' ஆக்கினால் 'நீங்கள் வந்தாய்' என்று நிற்கும் அல்லவா, ஸ்பானிஷிலும் அதுதான் நடக்கும். பெயர்ச்சொல்லோடு வினைமுற்று, 'உன்னை', 'உனக்கு', 'உன்' எல்லாமே மாற வேண்டும். சுமெர்ஸேவுக்கு உஸ்தெத்துக்கு வரும் முடிவுகள்தான். கும்ப்ளெஸ் என்பது கும்ப்ளே ஆகும். 'உன்' என்ற தூஸ், 'உங்கள்' என்ற சூஸ் ஆகும். 'தே' என்ற ஒரே சொல்தான் 'உன்னை', 'உனக்கு' இரண்டுக்கும் வருவது. உஸ்தெத்துக்கு அது இரண்டாகப் பிரியும்: 'உங்களை' என்றால் லோ, 'உங்களுக்கு' என்றால் லே. இந்த லோ, லே பிரிவில்தான் மகள் அதிகம் தடுமாறினாள். தமிழில் இரண்டாம் வேற்றுமையா நான்காம் வேற்றுமையா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். உங்களை நேசிக்கிறோம், எனவே லோ. உங்களுக்கு ஒரு அணைப்பை அனுப்புகிறார், எனவே லே. தமிழ் வகுப்பில் படித்த ஐ, கு இங்கே அவளுக்கு உதவியது. பாட்டியாக இருந்தால் லோவுக்குப் பதில் லா வரும், லே மாறாது. ஸ்பெயினில் இருக்கும் தாத்தாவாக இருந்தால் மரியாதைக்காக 'உங்களை' என்பதற்கும் லே என்றே எழுதுவார்கள், கொலம்பியாவில் லோதான்.

கலப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நாங்கள் ஒரு வழி வைத்துக்கொண்டோம். எழுதி முடித்ததும் தாளில் தே, தூ, தூஸ் என்ற சொற்களும், ஸ் என்று முடியும் வினைச்சொற்களும் எங்கே இருக்கின்றன என்று மட்டும் தேடி வட்டம் போட வேண்டும். 'நாங்கள்' என்பதற்கான மோஸ் முடிவை விட்டுவிடலாம். மீதி எது வட்டத்தில் நிற்கிறதோ அது தூவின் மிச்சம்.

அடுத்தது எழுத்து. ஸ்பானிஷில் `ñ` என்று ஒரு எழுத்து உண்டு. `n` மேல் ஒரு அலை. அதன் ஒலி நம்முடைய ஞ. முன்பு இரட்டை `n` எழுதும்போது இடம் மிச்சம் பிடிக்க ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டார்கள், மேலே போன `n` தான் அந்த அலை. வருடம் என்பது `año`, ஆஞோ. அலையை விட்டால் `ano`, ஆனோ. அது ஆசனவாய். 'உங்களுக்கு 80 வயது' என்று எழுத நினைத்து அலையை விட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பிறந்தநாள் என்ற சொல்லிலேயே அந்த ஆஞோ இருக்கிறது: கும்ப்ளேஆஞோஸ், வருடத்தை நிறைவு செய்தல். நாம் 'வயது நிறைந்தது' என்பதைப் போலவே. எனவே பிறந்தநாள் வாழ்த்தில் இந்த எழுத்திலிருந்து தப்பிக்கவே முடியாது. மகளின் முதல் பிரதியைப் பாருங்கள், கனவுகள் என்ற சொல்லில் மட்டும் அலை சரியாக இருக்கிறது. அந்த வரியை அவள் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறாள் என்று பெரியம்மா அதை வைத்தே கண்டுபிடித்தார்.

போனில் `n` விசையை அழுத்திப் பிடித்தால் `ñ` மேலே வரும். ஆச்சரியக்குறியை அழுத்திப் பிடித்தால் தலைகீழ் ஆச்சரியக்குறி வரும், ஸ்பானிஷில் வாக்கியத்தின் தொடக்கத்திலும் அது வேண்டும். விண்டோஸ் கணினியில் `Alt` விசையைப் பிடித்துக்கொண்டு எண் பலகையில் 164 அடித்தால் `ñ`, 173 அடித்தால் `¡`. எண் பலகை இல்லாத மடிக்கணினியில் லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்வது எளிது. `L` விசைக்கு வலது பக்கத்து விசை அப்போது `ñ` ஆகிவிடும்.

உயிரெழுத்தின் மேல் போடும் சின்னக் கோட்டையும் விட முடியாது. சொல்லில் எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று அது காட்டுகிறது. பாப்பா என்று கடைசி அசையை அழுத்தினால், `papá`, அப்பா. கோடு இல்லாமல் `papa` என்றால் அங்கே உருளைக்கிழங்கு. மகள் எழுதியிருந்தது 'என் உருளைக்கிழங்கு உனக்கு ஓர் அணைப்பை அனுப்புகிறது' என்று. வாழ்நாளெல்லாம் உருளைக்கிழங்கு விளைவித்த மனிதருக்கு அந்தச் சொல் கண்ணில் படும்போது முதலில் வருவது வயல்தான், மருமகன் இல்லை.

இன்னொரு சொல்லை நான் கவனிக்கவே இல்லை, பெரியம்மா மெதுவாக எடுத்துச் சொன்னார். எக்ஸிதாதோஸ் என்பது ஆங்கிலத்தில் ஆவலோடு இருக்கிறோம் என்று சொல்ல வரும் சொல்லைப் போலவே இருக்கும். ஸ்பானிஷில் அதைப் படித்தவுடன் தோன்றுவது காம உணர்ச்சி. அதற்கு எமோசியொனாதோஸ் என்று எழுத வேண்டும். ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளைகள் எழுதும்போது, ஆங்கிலச் சொல் போலவே தெரிகிற ஒவ்வொரு ஸ்பானிஷ் சொல்லையும் ஒருமுறை அகராதியில் பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் அந்தக் கனவு வரி. 'உன் கனவெல்லாம் நனவாகட்டும்.' இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் 80 வயது விவசாயிக்கு இது என்ன சொல்கிறது? பெரியம்மா, "அப்பா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தார். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படிப்பார். அவ்வளவு சிரமப்பட்டுப் படிக்கிற வரியில் உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஏதாவது இருக்க வேண்டாமா?" என்றார். பிள்ளைகளை உட்கார வைத்து, தாத்தா வீட்டில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். மகளுக்கு அவர் கொடுத்த ருவானா. தலையை நுழைத்துப் போட்டுக்கொள்ளும் கம்பளிப் போர்வை அது, அந்த மலைக்குளிரில் எல்லோரும் போடுவது. மகனுக்கு, மண்ணைக் கிளறி உருளைக்கிழங்கு எடுத்தது. அதை அங்கே 'சாக்கார் பாப்பா' என்கிறார்கள், உருளைக்கிழங்கை வெளியே எடுப்பது. அந்தச் சொல்லைப் பெரியம்மாவிடமே கேட்டு வாங்கினோம். அகராதியில் அறுவடை என்பதற்கு வேறு சொல் இருக்கும், ஆனால் வயலில் அவர் காதில் விழும் சொல் இதுதான்.

நான்கு நாள் எழுதி எழுதி அழித்து, கடைசியில் இப்படி நின்றது:

```
Querido abuelito:

¡Feliz cumpleaños!
Hoy sumercé cumple 80 años.
Yo todavía guardo la ruana que sumercé me regaló.
Yo quiero volver a sacar papa con sumercé.
Nuestro papá le manda un abrazo.
Lo queremos mucho y lo extrañamos.
Que Dios le dé salud y que cumpla muchos años más.

Sus nietos
```

அன்புள்ள அபுவெலித்தோ, பிறந்தநாள் வாழ்த்து. இன்று உங்களுக்கு 80 வயது நிறைகிறது. நீங்கள் கொடுத்த ருவானாவை நான் இன்னும் வைத்திருக்கிறேன் (இது மகள்). உங்களோடு மறுபடி உருளைக்கிழங்கு எடுக்க வேண்டும் (இது மகன்). எங்கள் அப்பா உங்களுக்கு ஓர் அணைப்பை அனுப்புகிறார். உங்கள் மேல் நிறைய அன்பு, நீங்கள் இல்லாதது தெரிகிறது. கடவுள் உங்களுக்கு ஆரோக்கியம் தரட்டும், இன்னும் பல வருடம் நிறையட்டும். இப்படிக்கு உங்கள் பேரப்பிள்ளைகள். விளித்த சொல்லுக்குப் பிறகு காற்புள்ளி போடுவது ஆங்கில வழக்கம், ஸ்பானிஷ் கடிதத்தில் முக்காற்புள்ளி.

இதையே தாளோடு சேர்த்துக் குரலிலும் அனுப்ப வேண்டும் என்று மகன் ஆசைப்பட்டான். அவன் படித்தால் ஆங்கிலச் சாயல் அதிகமாக வந்தது. அபுவெலித்தோவில் வரும் த, ஆங்கிலத்து ட போல மழுங்கி விழுந்தது. அப்போது ஒன்று தோன்றியது. ஸ்பானிஷ் `t` பல்லில் நாக்கு படும் ஒலி, நம்முடைய த்த. உயிரெழுத்துகளுக்கு நடுவில் வரும் `d`, நாம் 'அது' என்னும்போது வரும் மெல்லிய த. 'மகன்' என்பதில் க எப்படி மெலிகிறதோ அப்படித்தான் `regaló` என்பதில் வரும் `g` மெலியும். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு ஆங்கில எழுத்தைக் காட்டி ஏன் சிரமப்படுத்த வேண்டும்? முழு வாழ்த்தையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கெரீதோ அபுவெலீத்தோ. லோ கெரேமோஸ் மூச்சோ இ லோ எக்ஸ்த்ரஞாமோஸ். அழுத்த வேண்டிய அசைக்கு அடியில் கோடு போட்டேன். சுமெர்ஸேவில் கடைசி 'ஸே', ரெகலோவில் கடைசி 'லோ'. `h` ஒலிக்காது, எனவே `hoy` என்பது ஓய். சொல்லின் தொடக்கத்தில் வரும் `r` மட்டும் தமிழ் எழுத்தில் சரியாக வரவில்லை, நாக்கு நன்றாக உருண்டு அதிர வேண்டிய ஒலி அது. 'ர்ர்ருவானா' என்று மூன்று ர் எழுதி வைத்தேன். அரை மணி நேரத்தில் மகன் படித்ததைக் கேட்டுவிட்டுப் பெரியம்மா, "இது எங்கள் ஊர்ப் பிள்ளை பேசுவது போலவே இருக்கிறது" என்று சொன்னார். காது மந்தமானவர் என்பதால் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு மூச்சு விடச் சொன்னோம். அப்படியும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

அனுப்புவதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆகஸ்ட் 7 கொலம்பியாவில் அரசு விடுமுறை. 1819-ல் அதே நாளில் அந்த வட்டாரத்தில்தான், போயாகா பாலத்தருகே, ஸ்பானிய அரசுப் படையை பொலிவார் தலைமையிலான படை தோற்கடித்தது. அங்கே பல விடுமுறைகளை அடுத்த திங்கள்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள், இது மட்டும் தேதி மாறாத சில விடுமுறைகளில் ஒன்று. அன்று பாப்பெலெரியா, அதாவது அச்செடுத்துத் தரும் எழுதுபொருள் கடை, திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. எனவே 5-ம் தேதியே அனுப்பி 6-ம் தேதி அச்செடுக்கச் சொன்னோம். பிடிஎஃப் ஆக்கித்தான் அனுப்பினோம். வேர்ட் கோப்பாக அனுப்பினால் கடைக் கணினியில் வேறு எழுத்துரு விழுந்து வரிகள் குலைந்துபோகலாம். எழுத்தளவு 26, வரிக்கு வரி நல்ல இடைவெளி, எல்லாம் ஒரே பக்கத்தில். படம், பூ எதுவும் வைக்கவில்லை, மகன் வரைந்த ஓர் உருளைக்கிழங்குச் செடி மட்டும் கீழே. அதுவும் எழுத்தின் மேல் படாமல்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கொலம்பியாவில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, கனடாவில் மாற்றுகிறோம். குளிர்காலத்தில் டொரண்டோவும் கொலம்பியாவும் ஒரே நேரம், ஆகஸ்டில் நாங்கள் ஒரு மணி நேரம் முன்னால். அவர் ஐந்து மணிக்கு எழுந்து மாட்டைப் பார்த்துவிட்டு ஆறு மணிக்குச் சாப்பிட உட்காருவார். நாங்கள் ஏழு மணிக்குக் காத்திருந்தோம்.

வீடியோவில் கூப்பிடவில்லை. அவர் படிக்கும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று மனைவி சொல்லியிருந்தார். பிறகு மனைவி சொன்னதுதான்: மேசையில் தாளை விரித்து விரல் வைத்துப் படித்தாராம். ருவானா வரியில் நின்று, தான் போட்டிருந்த ருவானாவின் ஓரத்தைத் தடவினாராம். மறுபடி மேலிருந்து படித்தாராம். அதன் பிறகுதான் குரல் பதிவைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

எட்டு மணிக்கு அவர் பதில் குரல் பதிவு வந்தது. அவர் அனுப்பிய முதல் குரல் பதிவு அது, பெரியம்மா போனைப் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது. பின்னால் சேவல் கூவுகிறது. கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் பிள்ளைகளே என்று தொடங்கினார். பேத்தியிடம் ருவானா இன்னும் சரியான அளவில் இருக்கிறதா என்று கேட்டார். கடைசியில் பேரனிடம், "இ சுமெர்ஸே, குவாந்தோ வியேனே?" என்றார்.

மகன் அதை இரண்டு முறை கேட்டான். "அப்பா, தாத்தா என்னைப் போய் ஏன் சுமெர்ஸே என்கிறார்? நான் சின்னப் பையன்தானே?"

"உன் ஆத்தா போனில் உன்னை என்னவென்று கூப்பிடுவாங்க?"

"எப்ப வர்றீங்க சாமி என்பாங்க."

"தாத்தாவும் அதையேதான் கேட்டிருக்கிறார்."

அவன் போனை வாங்கிக்கொண்டு பதில் பேச மாடிக்குப் போனான்.